துளை போடாத இடத்தில் ஒரு வட்டம்

எங்கள் ஆசிரியர் அறையில் அரபி டீச்சரைக் கட்டம் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வைத்தவன் கணக்கு வாத்தியாரான நான்தான். என் கிராஃப் தாள்களையெல்லாம் தீர்த்துவிட்டால் வேறென்ன பெயர் வைப்பது?

அரபியில் மூன்று எழுத்து ஒரு வேர். அதிலிருந்து ஒரு குடும்பமே கிளம்பும். காஃப், தா, பா என்றால் கிதாப் புத்தகம், மக்தப் எழுதும் மேசை, முதல் எழுத்துக்கு அடுத்து அலிஃப் என்ற நெடில் சேர்ந்தால் காதிப், எழுதுகிறவர். டீச்சர் வேருக்கு வேர் குறுக்கெழுத்து போடுவார். சொல் தேடல் என்றால் வலமிருந்து இடமாகவும் மேலிருந்து கீழாகவும் ஐந்து வேர்களின் இருபது சொற்களை ஒளித்து, மிச்சக் கட்டங்களையும் அதே வேர்களின் எழுத்துகளால் நிரப்பிவிடுவார். பிள்ளைகள் திணற வேண்டும், அவ்வளவு ஆசை. தப்பான வட்டத்துக்கு ஒரு மதிப்பெண் கழியும். திருத்துவதற்கு, விடை இருக்கும் இடங்களில் மட்டும் துளை வெட்டிய ஒரு அட்டை; வட்டங்களை எண்ணிவிட்டு அட்டையை வைப்பார், துளையில் தெரியாதது தப்பு.

“சொல்லு தேடத்தான் சொன்னேன், கண்டதையெல்லாம் வளைக்கச் சொல்லலையே,” என்று ஒருநாள் முணுமுணுத்தார். கடைசி பெஞ்சுப் பெண்ணின் தாள். வாயே திறக்காத பிள்ளை. இருபதுக்குப் பத்து வாங்காவிட்டால் அரபியிலிருந்து எடுத்துவிடுவதாக அவள் அப்பா எழுதிக் கொடுத்திருந்தார். பத்து சரி, ஒரு வட்டம் தப்பு, ஒன்பது. மதிப்பெண் பட்டியல் தலைமை ஆசிரியைக்குப் போய்விட்டது.

மறுநாள் அந்தப் பெண் தாளை நீட்டினாள். “மிஸ், இது தப்பா மிஸ்?”

“நான் ஒளிச்ச சொல்லுல இது இல்லையேம்மா.”

“காதிப் மாதிரிதானே மிஸ்? முதல் எழுத்துக்கு அப்புறம் அலிஃப்.”

டீச்சர் அட்டையைத் தூக்கிவிட்டு வெறும் தாளைப் பார்த்தார். வட்டத்துக்குள் தால், அலிஃப், ரா, ஸீன். தர்ஸ் பாடம், மத்ரஸா பள்ளி என்று தால், ரா, ஸீன் வேரில் அவர் ஒளித்தவை நான்கு. இது ஒளிக்காதது; நிரப்பிய எழுத்துகளில் தானாக விழுந்தது. வகுப்பில் சொல்லியே தராத சொல்.

“எட்டு வருஷமா அட்டைய வச்சே பாத்திருக்கேன் சார்,” என்றார் என்னிடம். “இன்னும் எத்தனை பிள்ளைங்களுக்குக் கழிச்சேனோ.”

எனக்குக் கேலி வாயில் வரவில்லை. பாவமாக இருந்தது. தப்பை ஒத்துக்கொள்வதென்றால் எங்களில் பலருக்கும் வேப்பங்காய். இவர் நேரே தலைமை ஆசிரியை அறைக்குப் போய், “தப்பு அவளோடது இல்லை, என்னோடது,” என்று சொல்லி ஒன்பதை அடித்துப் பத்தாக்கிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம் தாளைக் கொடுத்தார்.

“இதுக்கு அர்த்தம் என்ன மிஸ்?”

“தாரிஸ்,” என்றார் டீச்சர். “படிக்கிறவங்க.”