அக்கா கையெழுத்து வைக்காத வீடு

கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்த வீட்டை விற்பது என்று நானும் தம்பியும் முடிவெடுத்தபோது அக்காவிடம் கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. சொன்னால் போதும் என்று நினைத்தோம். அம்மா போன பிறகு அக்கா கிளிநொச்சிப் பக்கம் ஸ்கந்தபுரத்தில் என்னோடுதான் இருந்தாள். கலியாணம் கட்டாதவள், அறுபதைத் தாண்டியவள். எங்கள் வீட்டுக் குசினிக்குப் பக்கத்து அறை அவளுடையது. எதற்கும் மறுத்துப் பேசியவள் அல்ல.

வவுனியாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவரே வாங்கத் தயாராக இருந்தார். மகளின் படிப்புக்கு அவனுக்குக் காசு தேவை. விறாந்தையில் தேத்தண்ணி குடித்தபடி விசயத்தைச் சொன்னான். அக்கா கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தாள்.

"நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"ஏனக்கா? நீங்கள் அங்க போறேல்லையே."

"வைக்கமாட்டன், சின்னவன்."

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு கூடமும் கொண்ட தொடர்மாடி வீடு அது. போர் நடந்த பிரச்சினைக் காலத்தில் அப்பா தன் உழவு இயந்திரத்தையும் அம்மாவின் நகைகளையும் விற்று, அம்மாவின் பெயரில் வாங்கியது. பிறகு அம்மா, தான் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரித்தை வைத்துக்கொண்டு, எங்கள் மூவருக்கும் சமபங்காக நன்கொடை உறுதிப் பத்திரம் எழுதினா. அம்மாவும் அக்காவும் ஒன்பது வருசம் அங்கே இருந்தார்கள். எங்கள் வன்னிப் பக்கத்திலிருந்து ஆர் வந்தாலும் அங்கேதான் இறங்கினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாடு போக வந்தவர்கள், பொலிஸ் பதிவு எடுக்க அலைந்தவர்கள். ஒரு முறை நான் போனபோது கூடத்தில் பதினொரு பேர் பாயில் படுத்திருந்தார்கள். குளியலறைக்குப் போவதற்குக் கால்களைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருந்தது. கரையோர ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி மெல்லக் கிலுகிலுக்கும். கீழ் மாடி முஸ்லிம் குடும்பம் பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்பும். அம்மா அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கவே மாட்டா. நான் அங்கே நிம்மதியாக இருந்ததில்லை. எந்நேரமும் அடையாள அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனாலும் இப்போது நினைத்தால், அந்த நெரிசலில் கொண்ட நித்திரை பிறகு எங்கேயும் எனக்கு வரவில்லை.

தம்பிக்குக் கோபம் ஆறவில்லை. வழக்குப் போடுவோம் என்றான். கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் சட்டத்தரணி இருந்தா, உறுதி எழுதும் நொத்தாரிசும் அவதான். இருவரும் போனோம். உறுதியை முழுவதும் வாசித்துவிட்டுத்தான் பேசினா.

"ஐயா, உங்கட ரெண்டு பங்கையும் விக்கிறதுக்கு அக்காட கையெழுத்துத் தேவையில்லை. ஆனால் பிரிபடாத பங்கை ஆர் வாங்குவினம்? முழு வீட்டையும் விக்க வேணுமெண்டால் மூண்டு பேரும் வைக்க வேணும்."

"வழக்குப் போட்டால்?" என்றான் தம்பி.

"போடலாம். வீடு கொழும்பில, அதால அங்கத்தை மாவட்ட நீதிமன்றத்திலதான் பாகப்பிரிவினை வழக்குப் போட வேணும். அந்த வீட்டை மூண்டாய் வெட்டேலாது, அதால விக்கச் சொல்லிக் கட்டளை வரும். முதல்ல பங்காளியளுக்குள்ள ஏலம், பிறகு வெளியாக்களுக்கு. எத்தினை வருசம் எண்டு என்னைக் கேக்காதேங்கோ." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா. "அக்கா ஏன் மாட்டன் எண்டுறா? கேட்டனீங்களோ?"

தம்பி உறுதியை மடித்துப் பையில் வைத்தான்.

எப்படியும் விலை தெரிய வேண்டும் என்று தம்பி ஒழுங்குபண்ணிய மதிப்பீட்டாளர் ஒருவர் அடுத்த வாரம் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அக்காவும் வருகிறேன் என்றாள். ரயிலில் வழி நெடுக யன்னலோரம் இருந்தாள். வெள்ளவத்தையில் இறங்கியதும் எங்களுக்கு முன்னால் நடந்தாள். எந்த ஒழுங்கை, எந்தப் பக்கம் என்று நான் தடுமாறிய இடத்தில் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரக்கறிக் கடைக்காரர் ஒருவர் எழுந்து நின்று, "டீச்சர், எங்க இவ்வளவு காலமும்?" என்று கேட்டார்.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கூடத்தில் பின்னேரங்களில் அக்கா பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் கண்ணில் அது பொழுதுபோக்கு. அம்மாவின் மருந்தும் வீட்டுக் கரண்ட் பில்லும் அதிலிருந்துதான் போயின என்பதை நான் அன்றைக்குக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மதிப்பீட்டாளர் அறைகளை அளந்துகொண்டிருந்தார். அக்கா பல்கணியில் நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

"அக்கா, அம்மாவை நினைச்சோ விக்க வேண்டாம் எண்டனீங்கள்?"

"அம்மாவை எங்க இருந்தும் நினைக்கலாம் தம்பி." கடல் பக்கம் திரும்பினாள். "எனக்கு இஞ்ச வந்து இருக்க வேணும். உன்ர வீட்டில எனக்கு ஒரு குறையும் இல்லை. உன்ர மனிசி தங்கமான பிள்ளை. ஆனால் நான் கதவைப் பூட்டித் திறப்பைக் கையில வைச்சிருந்தது இந்த வீட்டில மட்டும்தான்."

அவளுக்கு அறை கொடுத்திருக்கிறேன் என்று பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

தம்பியும் பல்கணிக்கு வந்ததும் தீர்வையும் அவளே சொன்னாள். கிளிநொச்சியில் கண்டி வீதிக்குக் கிட்ட அப்பா அவள் பெயரில் எழுதிவைத்த ஒரு காணி இருந்தது. சீதனமாகக் கொடுக்க என்று வைத்தது. அந்தக் கலியாணம் நடக்கவே இல்லை. வேலி போட்டு மூன்று தென்னையோடு கிடந்தது.

"அதை நீங்கள் ரெண்டு பேரும் எடுங்கோ. இதில இருக்கிற உங்கட ரெண்டு பங்கையும் எனக்குத் தாங்கோ."

"அது உங்கட சீதனக் காணியெல்லோ அக்கா," என்றான் தம்பி. அவன் குரல் இறங்கியிருந்தது.

"ஓம். அதுக்கும் ஒரு பிரயோசனம் வேணுமே," என்றாள் அக்கா. சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பல வருசமாகக் கேட்கவில்லை.

காணியையும் மதிப்பிட்டோம். எங்கள் இரண்டு பங்குகளைவிடக் கொஞ்சம் குறைவாக வந்தது. அந்த வித்தியாசத்தை விடுவோம் என்று முதலில் சொன்னவன் தம்பிதான். நில அளவையாளரைக் கொண்டு காணியை இரண்டு துண்டாக்கி, பிரதேச சபையில் அனுமதி எடுத்தோம். தொடர்மாடி நிர்வாகத்திடம் பராமரிப்புக் கட்டணம் பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கினோம். எல்லாவற்றுக்கும் ஏழு மாதம் போயிற்று. சட்டத்தரணி பரிவர்த்தனை உறுதி எழுதினா. அது கொழும்பிலும் கிளிநொச்சியிலும் காணிப் பதிவகங்களில் பதியப்பட வேண்டும் என்றா. அக்கா ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து, ஒரு இடத்தில் எழுத்துப் பிழை காட்டித் திருத்தச் சொல்லி, பிறகுதான் கையெழுத்து வைத்தாள். தம்பி தன் துண்டைச் சில மாதங்களில் விற்றான். என்னுடையது இன்னும் கிடக்கிறது.

வாடகை ஒப்பந்தம் முடிந்து அங்கே இருந்தவர்கள் வீட்டை விட்டு எழும்பியதும் அக்கா இரண்டு பெட்டியோடு போனாள். வவுனியாவில் ரயில் நின்றபோது தம்பி ஏறி, கொழும்பு வரை கூடவே போய், குழாய்களைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தான். அங்கே தங்கிய இரவு கூடத்தில் பாய் விரித்துப் படுத்தானாம். "அண்ணை, அவ்வளவு பேர் எப்பிடி அதுக்குள்ள கிடந்தம்?" என்று போனில் கேட்டான். இரண்டு பேரும் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தோம். சிலர் இப்போது இல்லை, சிலரின் முகம் மட்டும் நினைவிருந்தது.

நேற்றுப் பின்னேரம் அக்காவுக்கு எடுத்தேன். "தம்பி, பிள்ளையள் படிக்க வந்திட்டுதுகள், பிறகு எடு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.