சுவரின் அழகும் ஆறு ஜிபி கார்டும்

ஆபீஸில் என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். யாராவது வெள்ளிக்கிழமை மாலை ஒரு மாற்றத்தை ஏற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால் முதலில் கத்துபவன் நான்தான். "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது" என்று எவனாவது வாயைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடித்த கூத்தைத்தான் சொல்லப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ஆவடியில் என் நண்பனுக்கு ஒரு கேமிங் சென்டர் இருக்கிறது. அவன் பக்கத்திலேயே இருக்கும் சேக்காட்டுக்காரன், பரம்பரையாக அங்கேயே நிலம் வைத்திருந்த குடும்பம். நான் வேலைக்காக மதுரைப் பக்கத்திலிருந்து வந்து வானகரத்தில் ஃபிளாட் எடுத்துக் குடியேறியவன். ஒருநாள் விளையாடப் போனேன், ஒரு மெஷினைச் சரி செய்து கொடுத்தேன், அதிலிருந்து சனி ஞாயிறு அங்கேதான். என் மனைவி கேட்டால் "இஷ்டப்பட்டுப் பார்க்கிற வேலை" என்பேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

சென்டரில் ஏழு மெஷின்கள். உள்ளறையில் இருக்கும் ஆறிலும் ஆறு ஜிபி மெமரி உள்ள கிராபிக்ஸ் கார்டு. முன்னறையில் இருக்கும் ஏழாவது, ஆட்டத்தைப் பெரிய டிவியில் காட்டுவதற்காக வாங்கியது. அதில் பதினாறு ஜிபி. நான் வந்தால் உட்காருவது அந்த ஏழாவதில்தான். ஏசி காற்று நேராக அடிக்கும், நாற்காலியும் புதுசு.

உள்ளறையில் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஐந்து பெண்கள் பழகிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கி ஆட்டம். ஐவரும் ஒரே காலேஜ், கடைசி வருஷம். வீட்டில் யாரிடமும் ஆட்டம் ஓடுகிற மாதிரி கம்ப்யூட்டர் கிடையாது. மாநில அளவிலான ஒரு போட்டியில் ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டார்கள். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, எங்கள் சென்டரில் இருந்தபடியே ஆன்லைனில் ஆட வேண்டும். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தால் கோயம்புத்தூரில் நேரில் நடக்கும் இறுதிப் போட்டி. தோற்றால் அவ்வளவுதான், அடுத்த மாதம் ஆளுக்கொரு ஊரில் வேலைக்குச் சேருகிறார்கள். ஐவரும் ஒரே அறையில் உட்கார்வது இனி நடக்காது என்று அவர்கள் தலைவி என்னிடமே சொல்லியிருந்தாள்.

அந்த ஆட்டத்துக்குத் தனியாக ஒரு டெக்ஸ்சர் பேக் உண்டு. வேண்டுமென்றால் இறக்கிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். சுவர், தரை, மரம், துணி எல்லாவற்றின் மேலும் ஒட்டப்படும் படங்கள் அதில் இன்னும் நுணுக்கமாக இருக்கும். கிட்டத்தட்ட ஐம்பது ஜிபி. வெள்ளிக்கிழமை ஏழாவது மெஷினில் இறக்கி, மேப் என்கிற ஆட்டக்களம் ஒன்றில் தனியாகச் சுற்றிப் பார்த்தேன். செங்கல்லில் விரிசல் தெரிகிறது, சாக்குப்பையில் நூல் தெரிகிறது. அடடா, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்களைப் பெற்றவர்கள் எல்லாம் பார்க்க வருகிறார்கள், இந்த அழகோடு பார்க்கட்டுமே என்று மனசு குதித்தது.

டிவிக்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்தியிருக்கலாம். எனக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது. ஆட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்கும் இது கிடைக்கட்டும் என்று, ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆட்டத்தின் ஃபோல்டரையும் என் செட்டிங்கையும் அப்படியே ஆறு மெஷினுக்கும் நகல் எடுத்து ஏற்றினேன். ஏற்றி முடித்து உறைய வைத்தேன். சென்டர்களில் இது வழக்கம். வாடிக்கையாளர் எதை மாற்றினாலும், மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் நாம் உறைய வைத்த நிலைக்கே திரும்பிவிடும். டெக்ஸ்சர் தரம் உச்சபட்சமான 'அல்ட்ரா'வில் இருந்த நிலையை உறைய வைத்தேன். ஒரே ஒரு மெஷினிலாவது உட்கார்ந்து ஆடிப் பார்த்தேனா? இல்லை. ஆபீஸில் யாராவது இதைச் செய்திருந்தால் தோலை உரித்திருப்பேன்.

பதினோரு மணிக்கு முதல் ஆட்டம் தொடங்கியது. பெண்கள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முன்னறையில் நான், நண்பன், பெற்றவர்கள் நான்கைந்து பேர். போட்டி நடத்துபவர்கள் எங்கள் ஏழாவது மெஷினுக்குப் பார்வையாளராக ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். யாரும் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக டிவியில் மூன்று நிமிஷம் தாமதமாக ஓடும். தலைவியின் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணனூர் பணிமனையில் ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஆட்டம் அவருக்குப் புரியவில்லை, சுவர் புரிந்தது.

"பெயிண்ட் உரிஞ்சிக்கீது பாருங்க சார். அடியில ரெட் ஆக்சைடு பூசிக்கீறான். தெரிஞ்சவன்தான் வரைஞ்சிருக்கான்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

கொஞ்ச நேரம் போனது. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரும்பவும் கேட்டார்.

"ஏன் சார், எம் பொண்ணு மட்டும் ஒவ்வொரு ரூமுக்குள்ள போறப்பவும் செவுத்த பாத்துகினு நிக்குது?"

பார்த்தேன். அவள் மட்டுமில்லை, ஐவரும் அப்படித்தான். வாசலைத் தாண்டும்போது ஒரு நொடி சிலையாக நிற்கிறார்கள். எதிரணிக்காரர்கள் அந்த ஒரு நொடியில் சுட்டுவிட்டுப் போகிறார்கள். என் டிவியில் எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. "இங்க நல்லாத்தானே ஓடுது" என்று என் வாயே சொன்னது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

முதல் ஆட்டம் தோல்வி. கதவு திறந்தது. ஐவருக்கும் முகம் செத்துப்போயிருந்தது. அடுத்த ஆட்டத்துக்குப் பத்து நிமிஷ இடைவேளை. நண்பன் பழக்க தோஷத்தில், "நெட்டு டல்லாக்கீதும்மா, ரீஸ்டார்ட் அட்ச்சா சரியாப்பூடும்" என்று ஐந்து மெஷினையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டான். அவை எழுந்து ஆட்டம் மறுபடி திறப்பதற்குள் நான்கு நிமிஷம் போயே போய்விட்டது. ஒருத்தி பயிற்சி மேப்பில் நடந்து பார்த்தாள். அதே திக்கல்.

நான் அவள் தோளுக்கு மேலே எட்டி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கார்டின் சொந்த மெமரி ஆறு ஜிபியும் நிரம்பி வழிந்து, கம்ப்யூட்டரின் பொது மெமரியிலிருந்து இரண்டு ஜிபிக்கு மேல் கடன் வாங்கியிருந்தது. அது கார்டிலிருந்து தூரம், வேகமும் குறைவு. ஒரே இடத்தில் நின்றால் ஒன்றும் தெரியாது. புது அறைக்குள் நுழைந்தால் புதுச் சுவர், புதுத் தரை எல்லாவற்றையும் அங்கிருந்து இழுத்து வர வேண்டும். அதற்குள் உயிர் போய்விடுகிறது.

படம் நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்கானால் இடம் நான்கு மடங்கு கேட்கும். இது எனக்குத் தெரியாததா என்ன? உள்ளறையில் இருப்பதோ சாதாரண மானிட்டர். அதில் அந்த நூலும் விரிசலும் முழுசாகத் தெரியவே போவதில்லை. பெரிய டிவியும் பெரிய கார்டும் இருக்கிற இடத்துக்குத்தான் இந்தப் பேக். கண்ணுக்கே தெரியாத அழகுக்காக ஐந்து பேரின் காலைக் கட்டிப்போட்டிருக்கிறேன்.

நெட் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் சரி செய்திருக்கலாம். நண்பன் வழி போட்டுக் கொடுத்திருந்தான். கண்ணாலும் ஜாடை காட்டினான். ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் தலைவி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், தப்பு அதில்தான் என்கிற மாதிரி. அதற்கு மேல் தாங்கவில்லை.

"நெட் இல்லம்மா. நான்தான் காலையில பெரிய டெக்ஸ்சரை ஏத்துனேன். உங்க கார்டு தாங்காது. உங்க ஆட்டத்துல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

தலைவி நிமிர்ந்து கேட்டாள். "அழிக்கணுமா அண்ணா? டைம் இருக்கா?"

அழிக்க வேண்டாம் என்றேன். பேக் டிஸ்கில் கிடந்தால் இடத்தை மட்டும்தான் அடைக்கும். தரத்தை அல்ட்ராவிலிருந்து ஒரு படி இறக்கிவிட்டால் பெரிய படங்கள் கார்டுக்குள் ஏறாது. இறக்கிவிட்டு ஆட்டத்தை மட்டும் மூடித் திறக்க வேண்டும். மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் காலையில் நான் உறைய வைத்த அல்ட்ராவே திரும்பி வந்து நிற்கும். நண்பன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றான். "நான் எதயும் தொடல மாமே" என்றான்.

ஐவரும் அவரவர் மெஷினில் மாற்றினார்கள். பயிற்சி மேப்பில் ஒரு வாசல், இரண்டு வாசல், மூன்று வாசல். திக்கல் இல்லை. டாஸ்க் மேனேஜரில் ஐந்து ஜிபிக்குள் அடங்கி நின்றது. ஒரு நிமிஷம் மிச்சம் இருந்தது.

இரண்டாவது ஆட்டத்தை எப்படி ஆடினார்கள் என்று எனக்கு விவரமாகச் சொல்லத் தெரியவில்லை. நான் டிவியைப் பார்க்கவே இல்லை, கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவியின் அப்பா மட்டும் நடுவில், "இப்ப நிக்கல சார், ஓடிகினே கீது" என்று செய்தி சொன்னார். அந்த ஆட்டம் ஜெயம். மூன்றாவது ஆட்டம் கடைசிச் சுற்று வரைக்கும் இழுத்தது. டிவி மூன்று நிமிஷம் பின்னால் ஓடியதால், உள்ளே கூச்சல் கேட்டபோது எங்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அழுகையா சிரிப்பா என்று பிரித்தறிய முடியவில்லை. நண்பன் என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தான். கதவு திறந்து ஐவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டு வெளியே வந்தார்கள். கோயம்புத்தூர்.

நண்பன் சமோசா வாங்க ஓடினான். பெயிண்டர் அப்பா மகளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, டிவியில் இன்னும் முடியாத ஆட்டத்தை, முடிவு தெரிந்த பிறகும், நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆளாளுக்கு மன்னிப்புக் கேட்டேன். நான்கு பேர் "விடுங்க அண்ணா" என்றார்கள்.

தலைவி விடவில்லை. கோபமாகவும் இல்லை. உள்ளறைக்கு வரச் சொன்னாள். நான்காவது மெஷின் முன்னால் இருந்த தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கோயம்புத்தூர் போறவரைக்கும் பிராக்டிஸ் இங்கதான் அண்ணா. இன்னா ஏத்துறதா இருந்தாலும், முதல்ல இங்க உக்காந்து ஆடிப் பாத்துட்டு ஏத்துங்க. இப்ப உக்காருங்க."

உட்கார்ந்தேன். நாற்காலி இடது பக்கமாகச் சாய்ந்தது, ஒரு சக்கரம் இல்லை. ஜன்னல் வெளிச்சம் நேராக மானிட்டரில் விழுந்து பாதித் திரை வெளுத்துப் போயிருந்தது. மவுஸின் வலது பட்டனை இரண்டு முறை அழுத்தினால்தான் ஒரு முறை வேலை செய்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக இதில் உட்கார்ந்துதான் அவள் அரையிறுதி வரைக்கும் வந்திருக்கிறாள். அதே ஒரு வருஷமும் ஒவ்வொரு சனி ஞாயிறும் நான் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன்.