பதினாறு மாதக் கணக்கு

மலை நகரமான புக்கராமங்காவில், குடிநீர் நிலையத்தின் ஆய்வகத்தில் யோலிமாவின் மேசை என் மேசைக்குப் பக்கத்தில். தண்ணீரில் குளோரின் அளவு பார்ப்பது அவள் வேலை. வயது முப்பத்துமூன்று. கணவன் ஃபெர்நே சமவெளியில் எண்ணெய்க் கிணறுகளில் வெல்டர். இருபத்தோரு நாள் அங்கே, ஏழு நாள் வீட்டில். எட்டு வருடமாக இதே கதை. அவன் கிளம்பிப் போன திங்கட்கிழமைகளில் அவளிடம் நாங்கள் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம்.

கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் நீர்ப் பொறியியல் முதுகலைக்கு அவளை எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு மாதப் படிப்பா, இருபத்துநான்கு மாதப் படிப்பா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லி முன்பணம் கட்ட வேண்டும்.

கணக்குப் போட்டவன் ஃபெர்நே. வியாழன் மதியம் போனில் வாசித்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன்.

"கட்டணம், சாப்பாடு, வாடகை, இங்க நீங்க விடுற சம்பளம் எல்லாம் சேத்தா ஒரு வருஷத்துக்கு இருநூத்திருபது மில்லியன் பெசோ. ரெண்டு வருஷம்னா நானூத்திப்பத்து. முடிச்சப்புறம் ரெண்டுக்கும் அதே மூணு வருஷ வேலை அனுமதி. ஒரு வருஷப் படிப்புன்னா போட்ட காசு மூணு வருஷத்துல திரும்பிடும். ரெண்டு வருஷப் படிப்புக்கு ஆறு வருஷமாகும். இதுல யோசிக்க என்ன இருக்கு மிஹா?"

"கணக்கெல்லாம் சரிதான். நீங்க எங்க இருக்கீங்க அதுல?"

"நான் கிணத்துல. வேற எங்க?"

இந்த மலைநாட்டில் 'மிஹா' என்று செல்லமாகக் கூப்பிட்டாலும் புருஷன் பெண்டாட்டிக்குள்ளும் 'நீங்க'தான். சண்டையென்றாலும் மரியாதை குறையாது.

"படிப்பு பதினாறு மாசமாவது இருந்தாத்தான் கூட வர்ற புருஷனுக்கும் வேலை அனுமதி. ஒரு வருஷம்னா நீங்க வந்து சும்மா உக்காரணும். நமக்குக் கட்டுப்படியாகாது."

"அங்க நான் வெல்டிங் பண்ணினாலும், இங்க இல்லாம போற என் சம்பளத்தைக் கழிச்சுப் பாருங்க. அப்பவும் ஒரு வருஷம்தான் லாபம். அனுமதியும் குடுப்பாங்கன்னு உறுதி இல்ல."

"எட்டு வருஷத்துல நாம ஒரே வீட்ல இருந்தது எத்தனை நாள்? கூட்டுங்க."



"மாசத்துக்கு ஏழு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "மொத்தமே ரெண்டு வருஷந்தான்."

"அதே அளவு இன்னொரு ரெண்டு வருஷம் கேக்குறேன். தொடர்ச்சியா. பேராசையா?"

"எண்ணெய்க் கிணத்துக்குப் பொறாமை வரும்," என்றான். குரல் சிரிப்பாகத் தொடங்கி வேறெங்கோ போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவள் இருபத்துநான்கு மாதத்துக்குப் பணம் கட்டினாள். சட்டையில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அவனை அழைத்தாள்.

"கட்டிட்டேன்."

"சரி." பிறகு கேட்டான்: "நீங்க ராத்திரி சுவத்துப் பக்கமா படுப்பீங்க, ஜன்னல் பக்கமா? எனக்குச் சரியா ஞாபகமில்ல."

"நீங்க இல்லாதப்ப நடுவுல," என்றாள்.