மனப்பாடமான தகவல் தாள்

சென்னையிலிருந்து வந்த முதல் மொழிபெயர்ப்பைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்கள் அவை. நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கான புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்க இருந்தார்கள். அதில் சேரும் நோயாளிகளுக்குக் கொடுக்க வேண்டிய தகவல் தாள் அது. 'பங்கேற்பாளர் தன்னார்வப் பங்கேற்பினின்றும் எந்நிலையிலும் விலகும் உரிமையைக் கொண்டுள்ளார்' என்று ஒரு வரி. தமிழ் வாத்தியாரான எனக்கே மூச்சு முட்டியது. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு, இது நோயாளிக்குப் புரியாது என்று சொல்லித் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆய்வை நடத்திய டாக்டர் என்னோடு பள்ளியில் படித்தவர். வேறு வழியில்லாமல் என்னைத் தேடி வந்தார்.

நான் கடற்கரைக்காரி. முட்டத்துக்குப் பக்கத்து ஊர்; வேலைக்காக நாகர்கோவிலில் குடியிருந்தேன். ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது வேதபாடம், எடுப்பேன். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துப் படிப்பு ஏறாதவர்கள்கூட மறைக்கல்விக் கேள்விகளுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் பதில் சொல்வார்கள். அதை நினைத்துத்தான் தகவல் தாளையும் கேள்வியும் பதிலுமாக மாற்றினேன். இந்த ஆய்வு எதற்காக? எனக்குக் கிடைப்பது மருந்தா, மருந்தில்லாத வெறும் மாத்திரையா? அதை யார் தீர்மானிப்பார்கள்? சேராவிட்டால் என் வைத்தியம் என்னவாகும்? பாதியில் விலகலாமா? இப்படிப் பத்துக் கேள்விகள். குலுக்கல் முறையில் கம்ப்யூட்டர் பிரிக்கும் என்பதையும், யாருக்கு எது கிடைத்தது என்று டாக்டருக்கும் தெரியாது என்பதையும் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்தேன்.

கெடுதல்களைச் சொல்லும் ஆறாவது பதிலுக்காக டாக்டரோடு சண்டையே போட்டேன். உயிருக்கு ஆபத்து என்று நோயாளியின் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது, கொஞ்சம் பதமாக எழுதக் கூடாதா என்று அவர் கேட்டார். ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் மட்டும் ஏன் மறைக்க வேண்டும், மீன்காரிக்கு உயிர் இல்லையா என்று எகிறினேன். அவர் கைகூப்பிவிட்டார். என் தமிழை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிட்டார்கள். ஒரு இடம்கூடப் பிசகவில்லை. குழுவும் ஒப்புக்கொண்டது. அந்த வாரம் முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆசிரியர் அறையில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்காவுக்கு அந்த டாக்டரிடம்தான் சர்க்கரைக்கு வைத்தியம். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, அலுமினியச் சருவத்தில் சாளையோ அயிலையோ சுமந்து, பஸ் பிடித்து எங்கள் தெருவரை வருவார். கணவர் கடலுக்குப் போவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. அக்காவின் கால்கள்தான் அந்தக் குடும்பத்தைச் சுமந்தன. ஆய்வில் சேர விருப்பமா என்று ஆய்வைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் அவரிடம் கேட்டுத் தாளையும் கொடுத்தாள். அவசரமில்லை, வீட்டில் கலந்து பேசி யோசித்துச் சொல்லுங்கள் என்றுதான் அனுப்பினாள். அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. தினமும் செபமாலை முடிந்த பிறகு மகள் வாசிக்க, அக்கா கேட்டிருக்கிறார்.

ஒப்புதல் வாங்கும் நாளில் நானும் போயிருந்தேன். தாள் மக்களிடம் எப்படி எடுபடுகிறது என்று வந்து பார்க்கச் சொல்லி டாக்டர் அழைத்திருந்தார். படிக்கத் தெரியாதவர் என்பதால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். கண் பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு ஓய்வுபெற்ற கிளார்க் சாட்சிக்கு இசைந்தார். நர்ஸ் தாளை முழுக்க வாசித்துக் காட்டினாள். பிறகு, புரிந்ததா என்று பார்ப்பதற்காகக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, எழுந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஒரு சொல் பிசகாமல் பத்துக்கும் பதில் சொன்னார். நான் கமா போட்ட இடத்தில் மூச்சு வாங்கினார். யாருடைய வற்புறுத்தலும் இன்றி முழு மனதோடு சேர்கிறேன் என்ற கடைசி வரியை, செபத்தை முடிப்பதுபோல் இழுத்து முடித்தார். சாட்சிக்காரர் அசந்து போனார். முழு மார்க் என்று நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். இருபது வருடம் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டவள் நான். ஒப்பிப்பதற்கும் புரிவதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் அன்றைக்கு என் வாக்கியங்கள் அவர் வாயில் அழகாக இருந்தன. அக்கா பெருவிரல் ரேகை வைத்தார், சாட்சிக்காரர் கையெழுத்துப் போட்டார், தாளின் ஒரு பிரதி அக்காவின் கைக்கு வந்தது.

மாதங்கள் சில போயின. ஒரு சனிக்கிழமை அக்கா மீன் சருவத்தை எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்தார். செருப்பு இல்லை. இரண்டு பாதங்களும் உப்பி, கொலுசு இருந்த இடத்தில் சதை பிதுங்கியிருந்தது. நின்று நின்று வருவதுதான் என்றார். படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். இரண்டு தலையணை வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, மீனுக்கு விலை பேச ஆரம்பித்தார். போன முறை மருத்துவமனைக்குப் போனபோது நர்ஸ் விசாரிக்கவில்லையா என்றேன். விசாரித்தாளாம். அப்போது வீக்கம் கொஞ்சம்தான், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தாராம். அடுத்த முறை போக இன்னும் நாள் இருக்கிறதாம்.

நான் விலைப் பேச்சை நிறுத்தினேன்.

"அக்கா, அந்தத் தாள்ல ஆறாவது கேள்விக்கு விடை என்ன?"

அக்கா அந்த வீங்கிய காலோடு எழுந்து நின்றார். கைகளைக் கட்டினார்.

"இந்த மாத்திரையால் என்ன கெடுதல் வரலாம்? பாதம் வீங்கலாம். படுத்தால் மூச்சு வாங்கலாம். தலை சுற்றலாம். மிக அரிதாக இதயம் தளர்ந்து உயிருக்கே ஆபத்து வரலாம். இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே தாளில் உள்ள எண்ணுக்குச் சொல்ல வேண்டும்."

சொல்லி முடித்து, சரிதானே என்பதுபோல் என்னைப் பார்த்தார். ஒரு சொல் விடவில்லை. அந்தப் பாதம் தம்முடைய பாதம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. என் முகம் எரிந்தது. இவ்வளவு தெரிந்தும் ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டேன். வெட்கம் வந்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். கத்தித்தான் கேட்டிருப்பேன். அக்கா மிரண்டுவிட்டார்.

"அது சேருததுக்கு முந்தி ஒப்பிக்கதுக்கு உள்ளதுல்லா டீச்சரே? புதுநன்மைக்கு முந்தி சாமியாருகிட்ட ஒப்பிச்சோமே, அது போல. ஒப்பிச்சாச்சு, பாசாயாச்சு. பொறவு அத யாரு கேக்கப் போறா?"

எங்கள் ஊரில் அப்படித்தான். முதல் தடவை நன்மை, அதாவது பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பம், வாங்க வேண்டுமென்றால் பிள்ளைகள் சாமியார் முன்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் ஒப்பிக்க வேண்டும். தேறினால் வெள்ளை உடை, பூமாலை, போட்டோ. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை யாரும் திறப்பதில்லை. என் பத்துக் கேள்விகளும் அக்காவுக்கு அந்தப் பரீட்சையாகப் போயிருந்தன. தாள் எங்கே என்று கேட்டேன். மழையில் நனையாமல் பாலித்தீன் பையில் போட்டு, மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். போன் செய்ய வேண்டிய எண்ணும் அதோடு சேர்ந்து பத்திரமாக இருந்தது.

மீன் சருவத்தை வீட்டில் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அக்கா மீன் கெட்டுப்போகுமே என்றுதான் கவலைப்பட்டார். எனக்கோ சென்னைக்காரனின் தமிழைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் வந்து கூசியது. அவன் தாளை இந்த அக்காவுக்கு வாசித்திருந்தால், ஒன்றும் புரியவில்லை என்றாவது சொல்லியிருப்பார்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், படம் எடுத்தார், நீர் வடிய ஊசி போட்டார். தாமதமாக வரவில்லை, சரிசெய்துவிடலாம் என்றார். ஆய்வு மாத்திரையை அப்போதே நிறுத்தினார். அக்கா சாப்பிட்டது மருந்தா வெறும் மாத்திரையா என்று அவருக்கும் தெரியாது. இருந்தாலும் நடந்ததை மருந்துக் கம்பெனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் எழுத வேண்டும் என்று நர்ஸிடம் சொன்னார். நான் அக்காவின் வாசற்படி ஒப்புவிப்பை அவரிடம் சொன்னேன். சொல்லும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார். சேருமுன் கேட்கும் கேள்விகளையே மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்க வேண்டும், ஏற்கெனவே சேர்ந்தவர்களிடமும் திரும்பப் பேச வேண்டும் என்றார். எனக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு அவர் நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக எடுத்துச் சொன்னார். மாத்திரை இனிமேல் கிடையாது. அது தண்டனை இல்லை. மாத்திரை இல்லாமல் பரிசோதனைக்கு மட்டும் வந்து போகலாம். அதுவும் வேண்டாமென்றால் முழுசாக விலகிக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் சர்க்கரைக்கு வைத்தியம் முன்போலவே நடக்கும், இந்த வீக்கத்துக்கான செலவும் அக்காவுடையது அல்ல. உங்கள் விருப்பம் என்ன என்று கேட்டார்.

அக்கா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இதுக்கு என்ன விடை டீச்சரே?"

"இதுக்கு விடை தாள்ல இல்லக்கா. உங்க மனசுல உள்ளதச் சொன்னாப் போதும்."

அவர் நம்பவில்லை. விரல்களை மடக்கி, உதடுகள் அசைய, முதல் கேள்வியிலிருந்து பத்துவரை ஓட்டிப் பார்த்தார். மனப்பாடத்தில் எதையோ விட்டுவிட்டோம் என்ற பயம் முகத்தில் தெரிந்தது. பத்தாவது விரலும் மடங்கியது. டாக்டர் காத்திருந்தார். நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அக்கா மெதுவாக விரல்களை விரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பிடீன்னா எனக்கு வேண்டாம். மொதல்லயே எனக்கு மனசில்ல டீச்சரே. அது உங்க கேள்வியில வரல்ல."