நோக்கம்: ஸ்கூட்டர் வாங்க

எங்கள் பள்ளி ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கடன் கேட்டு எழுதும் கடிதங்களில் பாதி என் கையெழுத்தில்தான் போகும். நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் அட்டெண்டர். எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் என்னிடம் வருவார்கள். காரணம் என்ன இருந்தாலும் 'மருத்துவச் செலவு' என்றே எழுதச் சொல்வார்கள். டிவி வாங்கினவருக்கும் நான் நெஞ்சுவலி எழுதியிருக்கிறேன்.

எனக்காக எழுதும்போது மட்டும் பொய் எழுத மனம் வரவில்லை. "நோக்கம்: பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்க. தொகை: ரூபாய் நாற்பதாயிரம். ஓய்வுபெறப் பதினெட்டு மாதங்கள் இருப்பதால், அசலை மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு வீதம் பதினாறு தவணைகளில், வட்டியுடன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்."

ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னொருத்தி, எங்கள் லேப் உதவியாளர், ஊரார் கல்யாணக் கடனுக்கெல்லாம் ஜாமீன் நின்றவள், பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, இந்த வயசுல வண்டியா? எங்கயாவது விழுந்து வச்சு நீங்க வேலைக்கு வரலேன்னா, பிடித்தம் என் சம்பளத்துல வரும். பேசாம மருத்துவச் செலவுன்னு போட்டு பணத்தை வாங்கி வீட்டுல வைங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. லைசென்ஸை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு வண்டியை இரவல் வாங்கி நானேதான் இன்னிக்கு ஓட்டிட்டு வந்திருக்கேன். தென்னூர்ல சங்க ஆபீஸ் வரைக்கும் என் பின்னாடி உட்காரு. இறங்கினதும் இஷ்டமிருந்தா போடு, இல்லேன்னா பஸ்ல போயிடு."

சாயங்காலம் பள்ளி விட்டதும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். காவிரிப் பாலத்தில் ஒரு பஸ் ஒட்டி உரசுகிற மாதிரி வந்தபோது என் தோள்பட்டையில் அவள் நகம் பதிந்தது. நான் ஒதுங்கி வழி விட்டேனே தவிர, காலைத் தரையில் ஊன்றவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியபோது பிடி தளர்ந்தது. அதற்குப் பிறகு வீட்டுக் கதை பேச ஆரம்பித்துவிட்டாள்.

சங்கத்தில் எழுத்தர் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்கும்மா வண்டி?"

"இத்தனை வருஷம் வேலைக்குன்னு பஸ்ல தொங்கினேன் சார். இனிமே எனக்காக எங்கயாவது போகணும்."

அவர் விண்ணப்பத்தை மேஜையில் வைத்தார். லேப் உதவியாளர் அதைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"போட்டாச்சு. திரும்பிப் போறப்ப பஸ்ஸுக்கெல்லாம் வழி விடாதீங்க அக்கா, நேரா போங்க."

சங்கத்தின் அந்த மாதக் கூட்டத்திலேயே கடன் சாங்ஷன் ஆனது. சம்பளச் சீட்டில் பிடித்தத்தைப் பார்த்து மார்தட்டிக்கொண்டவள் எங்கள் பள்ளியில் நான் ஒருத்திதான்.