மார்பில் மூன்று நீலப் புள்ளிகள்

புற்றுநோய் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் அந்த நர்ஸுக்கு 'கத்தரி' என்று பெயர். முந்நூறு பக்கக் கோப்பைக் கையில் கொடுத்தால் இரண்டு பக்கமாக வெட்டிக் கொடுத்துவிடுவாள் என்பது காரணம். நாக்கும் அப்படித்தான் என்பது இன்னொரு காரணம். அதை அவள் எதிரில் யாரும் சொன்னதில்லை.

அவள் வேலை இதுதான். நோய் குணமாகி ஆண்டுகள் பல கடந்தவர்களைப் பெரிய மருத்துவமனை எத்தனை நாள்தான் கட்டிக்கொண்டு அழும்? அவர்களை வீட்டுப் பக்கத்து டாக்டரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அப்போது கையில் ஒரு தாள் போகும். முதல் பக்கத்தில் என்ன நோய், எந்த அளவில் இருந்தது, என்னென்ன சிகிச்சை, எந்த மருந்து மொத்தம் எவ்வளவு உடம்பில் ஏறியது என்று இருக்கும். இரண்டாம் பக்கத்தில் இனி எந்தப் பரிசோதனையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும், அந்தச் சிகிச்சையே பத்து இருபது வருடம் கழித்து உடம்பில் என்ன வேலை காட்டும் என்று இருக்கும். நோய் போய்விடும், வைத்தியம் போகாது என்று கத்தரி சொல்வாள். வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று விழிப்பார்கள்.

கோப்பு என்பது வைக்கோல் போர். அதில் பாதி சாப்பாட்டுச் சீட்டு, கால்வாசி ஒரே ரத்தப் பரிசோதனையின் நான்கு நகல், மிச்சத்தில் டாக்டர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்த்து எழுதியது. பதினொரு வருடமாக அதில் ஊசி தேடி எடுத்தவள் என்பதால் அவளுக்கு அகம்பாவம் உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை. வீட்டில் கணவர் எதையாவது நீட்டி முழக்கினால், 'முதல் பக்கத்துக்கு வாங்க' என்பாள். அவரும் வந்துவிடுவார், பாவம்.

அன்று காலை தையல்காரப் பெண் வந்திருந்தாள். வயது முப்பத்து நான்கு. பதினேழு வயதில் நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய் வந்து, குணமாகி, வருடா வருடம் இந்த மாடிப்படி ஏறியவள். அன்றோடு ஏறவேண்டியதில்லை. தாள் தயார். கத்தரியே எழுதியது. நரம்பில் ஏற்றும் சிவப்பு நிறக் கீமோ மருந்து பன்னிரண்டு தடவை, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் முந்நூறு மில்லிகிராம். அது இதயத் தசையைப் பதம் பார்க்கும், ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எக்கோ. கூடவே நுரையீரலைத் தொடும் இன்னொரு மருந்து, ஆகவே என்றைக்காவது ஆபரேஷன் என்றால் மயக்க டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லாம் சரி. டாக்டரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அன்று அவர் பன்னிரண்டு கோப்பை மூட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒரு ஈ.சி.ஜி. மட்டும் பாக்கி. தையல்காரி படுத்துக்கொண்டு, கொட்டாவி விட்டாள். மன்னிக்கச் சொல்லிவிட்டு இன்னொன்றும் விட்டாள். எப்போதும் இப்படித்தான், உட்கார்ந்தால் தூக்கம், எத்தனை தூங்கினாலும் அலுப்பு, வீட்டில் மாமியார் தனக்கு வைத்திருக்கும் பெயரே சோம்பேறி என்றாள். எட்டு வருடமாக அந்தப் பெயர்தானாம். சுடிதார் ஒன்றைத் தைக்க ஒரு நாள் ஆகிறதாம், முன்பெல்லாம் மூன்று தைப்பாளாம். கத்தரி ஏதோ பதில் சொல்லிக்கொண்டே மார்பில் ஈ.சி.ஜி. பட்டைகளை ஒட்டினாள். நடு நெஞ்சில், எலும்பின் மேலே, ஒரு நீலப் புள்ளி. பேனா முனை அளவு. பக்கவாட்டில் அக்குளுக்குக் கீழே, அதே மட்டத்தில், இன்னொன்று. தலையை நீட்டி மறுபக்கம் பார்த்தாள். அங்கேயும் ஒன்று.

கத்தரி அடுத்த பட்டையை ஒட்டாமல் நிறுத்தினாள்.

"இது என்னம்மா?"

"மச்சம் இல்ல சிஸ்டர். பச்சை குத்தினது. அப்ப லைட்டு காட்டினாங்களே, அதுக்கு. குறி போட்டாத்தான நேரா வெட்ட முடியும்?"

"எத்தன நாள் காட்டினாங்க?"

"நாலு வாரம். சனி, ஞாயிறு லீவு. வேற ஒரு ஆஸ்பத்திரில. ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்ல, சும்மா படுத்துட்டு வரணும். தொண்டை மட்டும் எரிஞ்சுது." தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். "அதையுமா வைத்தியத்துல சேப்பாங்க?"

கத்தரிக்கு அப்போது தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. பதினொரு வருடமாக வருகிறவர்களிடம் அவள் கேட்டுவந்த கேள்வி, 'என்னென்ன மருந்து கொடுத்தாங்க?' என்பது. கேட்டதற்கு அவர்கள் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். 'லைட்டு' என்று அவர்கள் சொல்லும் கதிர்ச் சிகிச்சை மருந்தா? அது கண்ணுக்கே தெரியாது. கோப்போ மருந்து ஏற்றும் வார்டின் கோப்பு. கடைசி ஊசியோடு அது முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த டாக்டர்கள் எல்லாரும் அந்தக் கடைசித் தாளையே பார்த்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்துகொண்டே கத்தரியும் அதையேதான் செய்திருக்கிறாள்.

கையெழுத்தான தாளை டாக்டரின் மேசையில் கொண்டுபோய் வைத்து, இது தப்பு, எழுதினது நான்தான் என்று சொன்னாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினேழு வருடம் ஒன்றும் ஆகவில்லை, இப்போது போய் அந்தப் பெண்ணைப் பயமுறுத்துவானேன், கோப்பில் இல்லாததை எப்படி எழுதுவது என்றார். அவர் கெட்டவர் இல்லை, பசியில் இருந்தார்.

"பயமுறுத்தறதுக்கு இல்ல டாக்டர். அந்த வயசுல நெஞ்சுல கதிர் வாங்கினவளுக்குப் பின்னாடி மார்புப் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம், இருபத்தஞ்சுலேர்ந்து வருஷா வருஷம் மார்பு ஸ்கேன் எடுத்திருக்கணும். இப்ப முப்பத்திநாலு. நாம ஒண்ணுகூட எடுக்கல. இந்தத் தாளோட அனுப்பினா, இனிமேயும் யாரும் எடுக்க மாட்டாங்க."

டாக்டர் பேனாவை மூடினார். அளவு தெரியாமல் எழுத மாட்டேன், கதிர்ச் சீட்டைக் கொண்டுவாருங்கள் என்றார். அது நியாயம்தான், அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

தையல்காரிக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை. கதிர் கழுத்திலும் பட்டிருக்கலாம் என்பதால் தைராய்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, பத்து நாளில் மார்புக்கு எம்.ஆர்.ஐ.யும் மேமோகிராமும் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனாள். படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கியதைக் கத்தரி மேலே இருந்து பார்த்தாள். அந்தப் பெண்ணின் மார்பில் ஏதாவது இருந்து தொலைத்தால் அதற்கு நான் எழுதாத ஒரு வரிதான் காரணம் என்று நினைத்தாள்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு அந்த இன்னொரு மருத்துவமனைக்குப் போனாள். கதிர்ச் சிகிச்சைப் பிரிவின் பழைய சீட்டுகள் தரைக்குக் கீழே ஓர் அறையில் இருந்தன. அதற்குக் காவலாக இருந்த மனிதரை அங்கே 'பூட்டு' என்று கூப்பிட்டார்கள். முதலில் கடிதம் கேட்டார், கொடுத்தாள். பிறகு கோப்பு எண் கேட்டார், கொடுத்தாள். அந்த எண் உங்கள் ஆஸ்பத்திரிக்கு, எங்களுக்கு வேறு எண், அது தெரியாமல் எடுக்க முடியாது என்றார். அது எப்படித் தெரியும் என்று கேட்டால், சீட்டைப் பார்த்தால் தெரியும் என்றார். கத்தரி கைப்பையைக் கீழே வைத்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆண்டு போட்ட பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தானே இறக்க ஆரம்பித்தாள். நாலாவது பெட்டியில் பூட்டு திறந்துகொண்டார். இருவருமாகத் தும்மிக்கொண்டு தேடினார்கள். மதியத்துக்கு மேல் தையல்காரியின் சீட்டு, ஒரு பழுப்பு அட்டை, கிடைத்தது. கழுத்தும் நடு மார்பும், இருபது நாள், மொத்தம் முப்பத்தாறு கிரே என்று கதிரின் அளவு. மூலையில் பதினேழு வயதுப் பெண்ணின் போட்டோ, தலையில் முடி இல்லாமல், சிரித்துக்கொண்டு. கத்தரி பெட்டியின் மேலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பூட்டு மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாள் புதிதாக எழுதப்பட்டது. வருடத்துக்கு ஒருமுறை மார்புக்கு எம்.ஆர்.ஐ., மேமோகிராம். வருடத்துக்கு ஒருமுறை தைராய்டு ரத்தப் பரிசோதனை, கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது. சிவப்பு மருந்தும் கதிரும் ஒரே இதயத்தில் விழுந்திருப்பதால் எக்கோவோடு ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றிலும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பது. டாக்டர் அட்டையை இரண்டு தரம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் தையல்காரி வந்தாள். அதற்கு முன்பே முடிவுகள் வந்துவிட்டன, கத்தரி காலையிலேயே பார்த்திருந்தாள். மார்பில் ஒன்றும் இல்லை. அதைப் படித்ததும் நாற்காலியில் சாய்ந்து, கடவுளையும் டாக்டரையும் பூட்டையும் ஒன்றாகச் சேர்த்து வாழ்த்தினாள். தைராய்டுதான் சரியில்லை. அந்தச் சுரப்பி மந்தமானால் ரத்தத்தில் ஏறுகிற டி.எஸ்.எச். இருக்க வேண்டியதைப் போல எட்டு மடங்கு. கதிர் பட்ட கழுத்தில் அந்தச் சுரப்பி வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்துவிட்டிருந்தது. அதனால்தான் அலுப்பு, அதனால்தான் தூக்கம், ஒரு சுடிதாருக்கு ஒரு நாள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட்டால் ஆயிற்று, ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்த்து அளவைச் சரி செய்வார்கள் என்று விளக்கினாள்.

தையல்காரி மார்பு ஸ்கேன் நன்றாக இருப்பதற்குத் தலையை ஆட்டினாள். மாத்திரைக்கும் ஆட்டினாள். பிறகு அந்த இரண்டாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், அப்ப நான் சோம்பேறி இல்லயா?"

"இல்லம்மா."

"இத்தன வருஷமும்?"

"இத்தன வருஷமும் இல்ல."

அழுவாள் என்று கத்தரி துணி எடுத்து வைத்தாள். அவள் அழவில்லை. கோபம் வந்தது, நல்ல கோபம், எட்டு வருடத்துக்கு வட்டியும் முதலுமாக. அதை இதில் எழுதிக் கொடுங்கள் என்றாள். டாக்டர் பாஷையில் வேண்டாம், வீட்டில் படிக்கிற மாதிரி, பெரிய எழுத்தில்.

அந்தத் தாளில் அப்படி எழுத இடம் கிடையாது. பரிசோதனை, காலம், கவனிக்க வேண்டியது என்று மூன்று கட்டம்தான். கத்தரி 'கவனிக்க வேண்டியது' கட்டத்தில், கழுத்து என்ற வரிக்கு எதிரே தட்டச்சு செய்து, எழுத்தைப் பெரிதாக்கி, டாக்டரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். 'இந்த அம்மாவின் சோர்வு சிகிச்சையின் பின்விளைவு. சோம்பேறித்தனம் அல்ல. வீட்டில் உள்ளவர்கள் கவனிக்கவும்.' இதை எந்த நூலில் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டார். அவள் பேனாவை எடுத்து நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டு, தேடிப் பிடித்து ஒரு சீலும் குத்திக் கொடுத்தார்.

கத்தரி பிறகு தான் எழுதிய பழைய தாள்களையெல்லாம் வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு மாதம் உட்கார்ந்தாள். கதிர் விட்டுப்போன இன்னும் இரண்டு பேர் அகப்பட்டார்கள், போன் போட்டு மன்னிப்புக் கேட்டு வரவழைத்தாள். கேள்வியையும் மாற்றிவிட்டாள். இப்போது வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, உங்களை ஒரு ரூமில் தனியாகப் படுக்கவைத்துவிட்டு எல்லாரும் வெளியே ஓடினார்களா என்பதுதான். கதிர் வாங்கியவர்கள் யாரும் அதை மறப்பதில்லை.

தையல்காரி ஆறு வாரம் கழித்து ரத்தம் கொடுக்க வந்தபோது படியில் எங்கேயும் நிற்கவில்லை. தாள் எங்கே என்று கத்தரி கேட்டாள். கொண்டுவரவில்லையாம். வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு எதிரே, மாமியார் உட்காரும் நாற்காலிக்கு நேராக, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதாம்.