தவிட்டின் தலையில் பத்து ரூபாய்

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் கம்பத்தில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதினேன். அவித்துக் காயவைத்த நெல்லை மிஷினில் விட்டால் ஒரு பக்கம் அரிசியும் நொய்யும் விழும், இன்னொரு பக்கம் உமியும் தவிடும் கலந்து விழும். அதைச் சலித்துத் தவிட்டைப் பிரிக்க மூன்று பெண்கள். உமி எங்கள் நெல் அவிக்கும் அடுப்புக்கு, தவிடு மாட்டுக்காரர்களுக்கு.

எந்தச் சரக்குக்கு என்ன அடக்க விலை ஆகிறது என்று முதலாளி கேட்டார். நெல் விலையும் அரைவைச் செலவுமாக நூறு ரூபாய் என்றால், விற்கும் சரக்கின் எடைப்படி பிரித்தேன். அரிசிக்கு எண்பது, நொய்க்குப் பத்து, தவிட்டுக்குப் பத்து. தவிடு விற்பதோ நான்கு ரூபாய்க்கு. சலிப்புக் கூலி ஒரு ரூபாயும் சேர்த்தால் ஏழு ரூபாய் நஷ்டம். பெரிய கெட்டிக்காரன் மாதிரி தாளை நீட்டினேன்.

"நஷ்டத்துக்கா மூணு பேருக்குக் கூலி குடுக்கேன்? இனிமே சலிக்க வேணாம். அம்புட்டும் அடுப்புக்குப் போகட்டும்" என்றார்.

மத்தியானம் சோற்றில் கை வைத்தபோதுதான் உறைத்தது. தவிட்டை எரித்தாலும் அந்த நூறு ரூபாய் குறையாது. மிச்சமாவது சலிப்புக் கூலி ஒரு ரூபாய், போவது விற்ற காசு நான்கு. எனக்கு முன்னால் இருந்த கணக்கரை ஒரே ஒரு தப்புக்காக முதலாளி அன்றைக்கே வெளியே அனுப்பியிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

சலித்தவர்களில் ஒருத்திக்கு இரண்டு பிள்ளைகள். புருஷன் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் மலைக்காய்ச்சலில் செத்தவன். மறுநாள் மில் வாசலில் நின்றாள்.

"கணக்கய்யா, இங்கன சோலி உண்டா, இல்லியா? கங்காணி மலைக்கு ஆள் கேக்குறாக. எனக்கு மலைன்னாலே குலை நடுங்குது."

"பாப்போம்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் முதலாளி, தவிட்டை விட்டுவிட்டுக் கணக்கை மறுபடி எழுதச் சொன்னார். அதே நூறு ரூபாய் அரிசி மீதும் நொய் மீதும் விழுந்தது. நொய்யின் பங்கு பதினொரு ரூபாயைத் தாண்டியது. விற்பது பத்தரைக்கு. அதுவரை லாபமாயிருந்த நொய்யும் நஷ்டமாகிவிட்டது.

"அப்ப நொய்யையும் நிப்பாட்டிருவமா?" என்றார் முதலாளி.

இந்தக் கணக்கில் போனால் அடுத்தது அரிசி, அதற்கடுத்தது மில்லேதான்.

"வேணாங்க முதலாளி. நான் பிரிச்சது சும்மா தாளுல போட்ட பங்கு. நெல்லு வாங்கி அரைச்சப்பவே நூறு ரூவா போயிருச்சு. தவிட்டை நிப்பாட்டுனா மிஞ்சுறது சலிப்புக் கூலி ஒண்ணுதான். வர்ற நாலு ரூவா போயிரும்."

தாளை வாங்கி மடித்து வைத்தார். திட்டவில்லை. "இத என்னைக்குய்யா கண்டுபிடிச்சீரு?"

"இன்னைக்குத்தான்" என்று பொய் சொன்னேன்.

"சலிக்கிறவகளை வரச்சொல்லும்."

நானே ஓடினேன். இரண்டு பேர் கிடைத்தார்கள். மூன்றாமவள் வீட்டுக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. பிள்ளைகளோடு விடியற்காலையில் மலையேறிவிட்டாள் என்றார்கள்.